படுக்கைப்புண் அபாய மதிப்பீடு: புள்ளிப் படிவமும் திருப்பிப் படுக்கவைக்கும் அட்டவணையும்

இல்லவாசி: பெண், வயது 78. மஞ்சக்குப்பம் முதியோர் இல்லம், கடலூர். அறை 3, ஜன்னலோரக் கட்டில்.
உடல்நிலை: பக்கவாதத்தால் இடது கை, கால் செயலிழப்பு. சர்க்கரை நோய், மாத்திரையில் கட்டுக்குள். சிறுநீர் அடக்க முடியாததால் டயாப்பர்.
மதிப்பிட்ட நாள்: 12.08.2025, காலை 10.30
மதிப்பிட்டவர்: பொறுப்பு செவிலியர்

இதற்கு முன் இருந்த குறிப்பு

நேற்று இரவு ஷிப்ட் முடியும் அவசரத்தில் நோட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பாட்டி ரொம்ப வீக். டயாப்பர் நனையுது. பின்பக்கம் லேசா சிவப்பு. சாப்பாடு சுமார். அடிக்கடி திருப்பிப் போடவும்."

எழுதிய தங்கை கவனித்தது எல்லாமே சரி. சிவப்பைப் பார்த்து எழுதியதால்தான் இன்று காலையே இந்த மதிப்பீடு நடந்தது. ஆனால் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், சிவப்பு எவ்வளவு பெரிது என்று அதில் இல்லாததால், அடுத்து வந்தவர் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. இனி அந்தக் குறிப்புக்குப் பதில் இந்தப் படிவமே நடப்பில் இருக்கும்.

தோல் பரிசோதனை

வால் எலும்புக்குச் சற்று மேலே, நடுவில், 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தபோது வெளுக்கவில்லை, சிவப்பு அப்படியே நின்றது. தோல் உரியவில்லை, கொப்புளம் இல்லை. தொட்டால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருக்கிறது. இது முதல் நிலைப் படுக்கைப்புண்.

இடது குதிகாலிலும் சிவப்பு உண்டு. அழுத்தினால் வெளுத்துத் திரும்புகிறது, எனவே இன்னும் புண் இல்லை. இடுப்பு எலும்பின் இரு பக்கம், முழங்கை, காதுமடல், பின்தலை எல்லாம் நன்றாக உள்ளன.

பாட்டி மாநிறம் என்பதால் சிவப்பு பளிச்சென்று தெரியாது. ஒவ்வொரு ஷிப்டிலும் வெளிச்சத்தில் பார்ப்பதோடு கையால் தொட்டும் பாருங்கள். சூடு, கெட்டித்தன்மை, சொதசொதப்பு மூன்றும் நிறத்துக்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

பிரேடன் அளவுகோல் புள்ளிகள்

மொத்தம் 6 முதல் 23 வரை. புள்ளி குறையக் குறைய அபாயம் கூடும்.

| அம்சம் | புள்ளி | ஏன் |
|---|---|---|
| உணர்வறியும் திறன் | 2 / 4 | உடம்பின் இடது பாதி முழுக்க மரத்துள்ளது |
| ஈரம் | 2 / 4 | ஷிப்டுக்கு ஒரு முறையாவது விரிப்பு மாற்ற வேண்டியிருக்கிறது |
| நடமாட்டம் | 2 / 4 | நடக்க முடியாது, தூக்கி உட்காரவைத்தால் நாற்காலியில் இருப்பார் |
| தானே அசையும் திறன் | 2 / 4 | வலது கையால் கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் நகர்வார், முழுதாகப் புரள முடியாது |
| உணவு | 2 / 4 | வைத்ததில் பாதிதான் சாப்பிடுகிறார் |
| உராய்வும் சறுக்கலும் | 1 / 3 | கட்டிலில் அடிக்கடி கீழே சறுக்குகிறார், மேலே இழுக்க ஆள் வேண்டும் |
| மொத்தம் | 11 / 23 | அதிக அபாயம் (10 முதல் 12 வரை) |

உணர்வுக்கு 3 போடத் தோன்றும், ஏனென்றால் பாட்டி நன்றாகப் பேசுகிறார், வலித்தால் சொல்கிறார். ஆனால் ஒன்றிரண்டு கை கால்களில் மட்டும் உணர்ச்சி குறைந்திருந்தால்தான் 3. இவருக்கு உடம்பில் பாதி. இடது பக்கம் அழுந்தினால் அவருக்கே தெரியாது. "வலிக்கலைம்மா" என்று அவர் சொல்வதை வைத்துத் திருப்பாமல் விட்டுவிடக் கூடாது.

திருப்பிப் படுக்கவைக்கும் அட்டவணை (இன்று காலை 11 மணி முதல்)

| நேரம் | நிலை |
|---|---|
| காலை 6.00 | இடது சாய்வு |
| காலை 8.00 | நாற்காலி, காலை உணவு |
| காலை 9.00 | வலது சாய்வு |
| காலை 11.00 | இடது சாய்வு |
| மதியம் 1.00 | நாற்காலி, மதிய உணவு |
| மதியம் 2.00 | வலது சாய்வு |
| மாலை 4.00 | இடது சாய்வு |
| மாலை 6.00 | வலது சாய்வு |
| இரவு 7.30 | நாற்காலி, இரவு உணவு |
| இரவு 8.30 | வலது சாய்வு |
| இரவு 10.30 | இடது சாய்வு |
| இரவு 12.30 | வலது சாய்வு |
| இரவு 2.30 | இடது சாய்வு |
| அதிகாலை 4.30 | வலது சாய்வு |

மல்லாந்து படுக்கும் நேரம் இதில் வேண்டுமென்றேதான் இல்லை. சிவந்த இடத்தின் மேலேயே பாரம் இறங்கும் என்பதால், டயாப்பர் மாற்றும்போதும் உடம்பு துடைக்கும்போதும் மட்டும் மல்லாத்தலாம். மரத்துப்போன இடது பக்கத்துக்கு 10 மணி நேரம், வலது பக்கத்துக்கு 11, நாற்காலிக்கு 3.

சாய்வு என்றால் 30 டிகிரிதான். முழுதாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு நேராக மெத்தையில் அழுந்தும். முதுகுக்கும் பிட்டத்துக்கும் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, முழங்கால்களுக்கு இடையில் இன்னொன்று வையுங்கள். கெண்டைக்காலின் கீழே மூன்றாவது தலையணை, அதில் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். வைத்தபின் வால் எலும்புக்குக் கீழே உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். மெத்தை அங்கே தொடவில்லை என்றால் சரியாக வைத்திருக்கிறீர்கள்.

இடது சாய்வில் இடது தோளை மெல்ல முன்னால் எடுத்துவிடவும், அது உடம்புக்கு அடியில் மாட்டக் கூடாது. இடது கையைப் பிடித்து இழுக்கவே வேண்டாம்.

கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர வேண்டாம், உயர்த்தினால் சறுக்குவார். மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காமல், நான்காக மடித்த பழைய நூல் புடவையை அடியில் போட்டு இருவராகத் தூக்கி வையுங்கள். இரவில் ஒருவர் மட்டும் இருந்தால் அறை 5 ஆயாவை எழுப்புங்கள். அவரிடம் சொல்லியாகிவிட்டது.

நாற்காலியில் பஞ்சு மெத்தையுடன், பாதம் தரையில் பட, அதிகபட்சம் ஒரு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கவாட்டில் சாய்த்துப் பாரத்தை மாற்றவும். வளையத் தலையணை வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது தடுக்கும்.

காற்று மெத்தை போட்டாகிவிட்டது, ஆனாலும் அட்டவணை மாறாது. கரண்ட் போனால் மெத்தை காற்றிறங்கிக் கட்டில் பலகை முதுகில் தட்டும். அப்போது இன்வெர்ட்டர் பிளக்குக்கு உடனே மாற்றவும்.

ஒவ்வொரு முறை திருப்பியதும் நேரம், பக்கம், தோலின் நிலை மூன்றையும் கட்டிலோர நோட்டில் எழுதிக் கையெழுத்திடவும். தவறிப்போனால் தவறியது என்றே எழுதுங்கள். யாரையும் திட்ட மாட்டோம், எந்த ஷிப்டுக்கு இன்னொரு ஆள் தேவை என்பது அதில்தான் தெரியும்.

ஈரமும் தோலும்

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் டயாப்பரைத் தொட்டுப் பார்த்து, நனைந்திருந்தால் அப்போதே மாற்றவும். வெறும் தண்ணீரில் துடைத்து, ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு கிரீமை மெல்லிசாகப் பூசவும். கடலோர வெக்கையில் முதுகு எப்போதும் வேர்த்திருக்கும், ரப்பர் ஷீட் நேராகத் தோலில் படக் கூடாது. பவுடர் கொட்ட வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று மகள் ஆசையாகக் கேட்டார். தலைக்கும் கை கால்களுக்கும் அவரே தேய்க்கட்டும், அது பாட்டிக்கும் சந்தோஷம். சிவந்த இடத்தை மட்டும் யாரும் தேய்க்கவோ பிசையவோ கூடாது, அடியிலுள்ள திசு அதில் மேலும் நசுங்கும்.

உணவு

புரதம் போதவில்லை. தினம் ஒரு முட்டை, மதியம் பருப்பு, மாலையில் மசித்த சுண்டல். சுறா புட்டு என்றால் விரும்பிச் சாப்பிடுகிறார், வாரம் இருமுறை சமையல்கார அக்கா செய்து தருவார். பக்கவாதத்துக்குப் பிறகு புரையேற வாய்ப்பு உண்டு, எனவே நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் சிறு சிறு வாயாகக் கொடுக்கவும். எடை வாரந்தோறும்.

உடனே அழைக்க வேண்டியவை

தோல் உரிதல், கொப்புளம், ஊதா அல்லது கறுப்பு நிறம், சீழ், வாடை, காய்ச்சல். எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் பொறுப்பு செவிலியருக்குப் போன் செய்யவும். மருத்துவர் அன்றே பார்க்க முடியாவிட்டால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். மகளிடம் இதைச் சொல்லி ஒப்புதல் வாங்கியுள்ளது.

மறுமதிப்பீடு: 19.08.2025, காலை 10.30. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புதிதாக ஓர் இடம் சிவந்து வெளுக்காமல் நின்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம், அந்தப் பக்கத்தின் நேரத்தை அன்றே ஒன்றரை மணியாகக் குறைக்கவும்.