பள்ளி நூலகர் பணிக்கு விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன

கும்பகோணம் வட்டத்தில், அரசலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இயங்கிவரும் எங்கள் உயர்நிலைப் பள்ளியில், 2026–27 கல்வியாண்டு முதல் முழுநேர நூலகராகப் பணியாற்றத் தகுதியுடையவர்களிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன. பள்ளியில் 6 முதல் 10 வரையிலான வகுப்புகளில் 640 மாணவ மாணவியர் பயில்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாடநூல் தவிர வேறு நூல் இல்லாத வீடுகளிலிருந்து வருபவர்கள்.

முந்தைய நூலகர் பணி ஓய்வு பெற்றபின் ஓராண்டுக்கும் மேலாக நூலக அறை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அண்மையில் அலமாரிகளைத் திறந்து பார்த்தபோது, மாணவர்கள் ஒரு காலத்தில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த அறிவியல் கதைத் தொகுப்பு ஒன்றின் பின்னட்டையில் ஒட்டியிருந்த தவணைத் தாளில், நெருக்கமாக விழுந்திருந்த தேதி முத்திரைகள் ஒரு ஜனவரி மாதத்தோடு நின்றுபோயிருந்தன. நூல்களைப் பாதுகாப்பதாக எண்ணிப் பூட்டி வைத்தது தவறு என்பதை நிர்வாகம் உணர்ந்துள்ளது. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை நூலக அறிவியலின் முதல் விதியாக 1931இல் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் இதே டெல்டாவில், சீர்காழியில் பிறந்தவர். அவ்விதியை நம்பி நடத்தக்கூடிய ஒருவரையே தேடுகிறோம்.

பணியின் தன்மை

நூலகத்தில் ஏறத்தாழ 7,200 நூல்கள் உள்ளன. முதல் மூன்று மாதங்களில் வரவுப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு இருப்பைச் சரிபார்த்து, சிதைந்தவற்றையும் காலாவதியான வழிகாட்டி நூல்களையும் தலைமையாசிரியரின் ஒப்புதலுடன் நீக்கி, எஞ்சியவற்றை டியூயி தசம முறையில் வகைப்படுத்தி, கோஹா மென்பொருளில் பதிவேற்ற வேண்டும். தமிழ் நூல்கள் மிகுதியாக உள்ளமையால் அவையனைத்தையும் 894.811 என்ற ஒரே எண்ணின்கீழ் குவித்துவிடாமல், கவிதை, நாடகம், புனைகதை எனப் பிரித்து அடுக்குவது அவசியம். சிறுவர் நூல்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் ஒரு நூலகப் பாடவேளை உண்டு. அது விடுபட்ட கணக்கை முடிப்பதற்கான நேரமன்று. எந்த ஆசிரியர் கேட்டாலும் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று நிர்வாகம் உறுதியளிக்கிறது. மாலை 4:15க்குப் பள்ளி முடிந்தாலும் கிராமப் பேருந்து 5:20க்கே வருவதால், அதுவரை காத்திருக்கும் பிள்ளைகளுக்காக நூலகம் திறந்திருக்க வேண்டும். இப்பணியில் மிக முக்கியமான ஒரு மணி நேரமாக நாங்கள் கருதுவது இதுவே. தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளையைக் கண்டுகொண்டு, மற்றவர்கள் முன் கூச வைக்காமல், அருகில் அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் துணை செய்யும் பொறுமை இன்றியமையாதது. நூல் தொலைந்தாலோ கிழிந்தாலோ அபராதம் வசூலிக்கும் வழக்கம் இனி இராது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்றங்கரை ஈரம் சுவர் வழியே ஏறிவிடும். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது, வெயில் கண்ட நாளில் சன்னல்களைத் திறந்து காற்றாட விடுவது, கரையான், இராமபாணப் பூச்சி அண்டாமல் கவனிப்பது ஆகியவையும் நூலகரின் பொறுப்பு. அறையைக் கூட்டித் துடைக்கத் தனியே பணியாளர் உள்ளார்.

தகுதியும் ஊதியமும்

நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். தமிழைப் பிழையின்றி எழுதவும் தட்டச்சு செய்யவும், ஆங்கில நூல்களைப் புரிந்து வகைப்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி அனுபவம் விரும்பத்தக்கது. எனினும் பட்டம் முடித்தவுடன் விண்ணப்பிப்பவரும், குடும்பப் பொறுப்பால் இடையில் சில ஆண்டுகள் பணியை விட்டவரும் தயங்க வேண்டியதில்லை. வயது வரம்பு 50. ஆண், பெண் இருபாலரும் விண்ணப்பிக்கலாம்.

மாத ஊதியம் ரூ.22,000, கோடை விடுமுறை உட்பட 12 மாதங்களுக்கும் வழங்கப்படும், வருங்கால வைப்பு நிதியும் உண்டு. இது நிர்வாகமே ஊதியம் வழங்கும் பணியிடம். அரசு மானியத்தின்கீழ் வராது என்பதை முன்கூட்டியே தெரிவிக்கிறோம். பணி நேரம் காலை 9:45 முதல் மாலை 5:30 வரை. புதிய நூல்கள் வாங்க ஆண்டுக்கு ரூ.60,000 ஒதுக்கப்பட்டுள்ளது, எவற்றை வாங்குவது என்பதில் நூலகரின் பரிந்துரையே முதன்மையானது.

விண்ணப்பமும் தேர்வும்

தன்விவரக் குறிப்பு, சான்றிதழ் நகல்கள் ஆகியவற்றுடன், பள்ளிப் பருவத்தில் தாம் விரும்பிப் படித்த ஒரு நூலைப் பற்றி ஒரு பக்க அளவில் கைப்பட எழுதி இணைத்து, 2026 மே 15ஆம் தேதி மாலை 4 மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படுவோர் நேர்காணலன்று, தரப்படும் ஐந்து நூல்களை வகைப்படுத்திக் காட்டுவதோடு, எங்கள் மாணவர்கள் பத்துப் பேருக்கு 15 நிமிடங்கள் ஒரு கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டவும் வேண்டும். நியமனத்திற்குமுன் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று பெற்றுத் தருவது கட்டாயம். பணியில் சேர வேண்டிய நாள் ஜூன் 1.

செயலாளர்,
பள்ளி நிர்வாகக் குழு