பெரியம்மாவின்ர 70ஆவது பிறந்தநாள்: தயவுசெய்து முழுக்க வாசியுங்கோ, ஒருத்தருக்கும் ஃபோர்வேர்ட் பண்ணாதேங்கோ

எல்லாருக்கும் அன்பான வணக்கம்.

இந்த மெசேஜை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான் அனுப்புறன். குடும்ப குரூப்பில பெரியம்மாவும் இருக்கிறா எண்டது உங்களுக்குத் தெரியும். அதில வாற ஒரு 'குட் மோர்னிங்'கையும் அவ வாசிக்காமல் விடுறதில்லை. அதால அந்தக் குரூப்பில இதைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது.

விஷயம் இதுதான். ஜூன் 9, செவ்வாய்க்கிழமை பெரியம்மாவுக்கு 70 வயது. நாங்கள் அதுக்கு முந்தின சனிக்கிழமை, ஜூன் 6 பின்னேரம், அவவுக்குத் தெரியாமல் ஒரு கொண்டாட்டம் வைக்கிறம். பிறந்தநாளண்டே வைச்சால் காலமையே சந்தேகப்படுவா. சனிக்கிழமை எண்டால் அவவுக்கு அது வழமையா வஜிரா வீதிப் பிள்ளையார் கோயிலுக்குப் போற நாள், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு ரகசியம் எண்டு சிலர் கேட்டனீங்கள். 60ஆவது பிறந்தநாளை அவவுக்குச் சொல்லித்தான் ஒழுங்கு செய்தம். ஒரு கிழமைக்கு முதலே தானே சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி, விடிய நாலு மணிக்கு எழும்பித் தானே சமைச்சு, எல்லாரும் சாப்பிட்டு முடிஞ்ச பிறகு குசினியில கோப்பை கழுவிக்கொண்டு நிண்டா. அண்டைக்கு எடுத்த படம் ஒண்டிலயும் அவ இல்லை. தெரிஞ்சால் இந்த முறையும் அப்பிடித்தான் நடக்கும். அவ கதிரையில இருந்து மற்றவை பரிமாற ஒரு நேரமாவது சாப்பிடவேணும். அதுக்காகத்தான் இவ்வளவும்.

உங்களை எப்பிடிக் கண்டுபிடிச்சன் எண்டும் சொல்லவேணும். 95 இடப்பெயர்வுக்குப் பிறகு, ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலத்தில, திருகோணமலைக்குக் கப்பலில வந்து அங்கயிருந்து பஸ்ஸில கொழும்புக்கு வந்தாக்கள், விசாவுக்குக் காத்திருந்தாக்கள், கம்பஸுக்கு வந்து அறை கிடைக்காமல் நிண்டாக்கள் எண்டு எத்தினையோ பேர் வெள்ளவத்தையில அவவின்ர அந்த ரெண்டறை வீட்டில பாய் விரிச்சுப் படுத்தனாங்கள். ஆக்கள் வந்து தங்கினால் பொலிஸில பதியவேணும் எண்டதால அவ ஒரு சி.ஆர். கொப்பியில எல்லாற்ற பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி வைச்சவ. அந்தக் கொப்பி இப்பவும் அலுமாரியில இருக்கு. கணக்கு ரீச்சர் எண்டபடியால் சிவப்புப் பேனையால நேர்க்கோடு போட்டு, வந்த திகதி, நேர்முகத் திகதி, பிளைட் திகதி எண்டு நிரல் பிரிச்சிருக்கிறா. நல்லபடியாப் போய்ச் சேர்ந்த ஆளுக்கு நேர ஒரு சரி. அவ குளிக்கப் போன நேரம் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தன். இந்த மெசேஜ் உங்களுக்கு வந்திருக்கு எண்டால், அந்தக் கொப்பியில உங்கட பெயரோ உங்கட அம்மா அப்பாவின்ர பெயரோ இருக்கு.

இடம்: பம்பலப்பிட்டியில தம்பி இருக்கிற அபார்ட்மெண்டின்ர மேல்மாடி மண்டபம். ஸ்டேஷனில இருந்து நடந்தால் அஞ்சு நிமிஷம். காலி வீதியால 100 அல்லது 101 பஸ்ஸில வந்தும் இறங்கலாம். லொக்கேஷனை இதுக்குப் பிறகு வாற மெசேஜில போடுறன். கட்டிடத்துக்குள்ள வாகனம் விட இடமில்லை. மெரின் டிரைவில விட்டிட்டு நடந்து வாங்கோ, வாசலில மட்டும் நிப்பாட்டாதேங்கோ. பெரியம்மாவுக்கு எல்லாற்ற வானும் நம்பரோட பாடம்.

நேரம்தான் முக்கியம். பின்னேரம் 5.15க்கு எல்லாரும் மேல இருக்கவேணும். லிஃப்ட் ஒண்டுதான், ஆறு பேருக்கு மேல ஏறேலாது, அதால நாலரையில இருந்தே வரத் தொடங்குங்கோ. தம்பி அவவைக் கோயிலில இருந்து "பொடியனுக்குக் கணக்கில ஒரு சந்தேகமாம்" எண்டு சொல்லி 6.15 அளவில கூட்டிவருவான். அந்தக் காரணம் ஒண்டுக்குத்தான் அவ மறுபேச்சில்லாமல் வருவா. 5.45க்குப் பிறகு வாறவை வாசலுக்கு வராமல் காலி வீதியிலயே நிண்டு எனக்குக் கோல் எடுங்கோ. அவ மேல வந்த பிறகு நான் சொல்லுறன். அண்டைக்குப் பின்னேரம் தயவுசெய்து ஒருத்தரும் வஜிரா வீதிப் பிள்ளையாரைக் கும்பிடப் போகாதேங்கோ. காலமை போய்க் கும்பிடுங்கோ.

லைட்டை நிப்பாட்டிப்போட்டு ஒளிஞ்சிருந்து கத்துற வேலை எங்களுக்கு வேண்டாம். அவவுக்குப் பிரஷர் இருக்கு. லிஃப்டில ஏறினவுடன தம்பி விஷயத்தைச் சொல்லுவான். கதவு திறக்கேக்க எல்லா லைட்டும் எரியும், நீங்கள் எல்லாரும் கதிரையில இருப்பியள். பலூன் வெடிக்கிறது, பட்டாசு, ஒண்டும் வேண்டாம். ஒரேயடியாப் போய்ச் சூழாமல், அவ இருந்து தண்ணி குடிச்ச பிறகு ஒவ்வொருத்தரா வாங்கோ. வந்து உங்கட பெயரைச் சொல்லுங்கோ. முப்பது வருஷத்தில முகங்கள் மாறியிருக்கும், பெயரைச் சொன்னால் அவவுக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

லண்டன், ரொறொன்ரோவில இருந்து வாறவைக்கு ஒரு பெரிய வேண்டுகோள். கட்டுநாயக்காவில நிண்டு எடுக்கிற படத்தை ஃபேஸ்புக்கில போடாதேங்கோ. சனிக்கிழமை வரைக்கும் வெள்ளவத்தைப் பக்கம் தலைகாட்டாதேங்கோ. காலி வீதியில உங்களை ஒருத்தர் கண்டால், ஒரு மணித்தியாலத்துக்குள்ள அவவுக்குத் தெரிஞ்சிடும். தெஹிவளையில தங்கச்சி வீட்டில ரெண்டு அறை ஒழுங்கு செய்திருக்கிறன்.

இங்க இருக்கிறவை சட்டை தைக்கக் குடுக்கேக்க கவனம். எங்கள் கனபேருக்குத் தைக்கிற அக்காதான் பெரியம்மாவுக்கும் தைக்கிறவ. "என்ன விசேஷம்?" எண்டு கேட்டால் ஒண்டும் சொல்லாதேங்கோ. சின்னப்பிள்ளையளுக்கு சனிக்கிழமை மத்தியானம் சொன்னால் காணும். பெரியம்மாவே உங்களிட்ட "சனிக்கிழமை என்ன செய்யிறியள்?" எண்டு கேட்டால், வேலை இருக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ. கலியாணம், ஆஸ்பத்திரி எண்டு கதை கட்டவேண்டாம். ஒருத்தர் சொன்னதையும் மற்றவர் சொன்னதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிற ஆள் அவ.

பரிசு ஒண்டும் கொண்டு வரவேண்டாம். காசோ நகையோ குடுத்தால் அடுத்த நாளே உங்கட வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து தருவா. அதுக்குப் பதிலா, அந்த வீட்டில இருந்த காலத்துப் படம் இருந்தால் ஒண்டு கொண்டு வாங்கோ. பின்பக்கத்தில உங்கட பெயரையும் வருஷத்தையும் எழுதுங்கோ. படம் இல்லாதவை நாலு வரி கையால எழுதித் தாங்கோ, தமிழில.

சாப்பாடு முழுக்க மரக்கறி, சனிக்கிழமை அவ மச்சம் சாப்பிடமாட்டா. இடியப்பம், சொதி, உருளைக்கிழங்குப் பிரட்டல், சம்பல், வடை, பாயாசம், முட்டை போடாத கேக். சமையலுக்கு ஆக்கள் இருக்கினம். பாத்திரத்தோட ஒருத்தரும் வரவேண்டாம். கஜு, கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளையள் இருந்தால் முதலே சொல்லுங்கோ.

எட்டரைக்கு முடிச்சிடுவம். வயசானவையை வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் விட ரெண்டு வான் நிக்கும். ஜூன் மாதம் கடல் காத்து பலமா அடிக்கும், மழையும் வரும். மண்டபத்துக்குக் கூரை இருக்கு, ஆனால் மெரின் டிரைவில இருந்து நடந்து வாறவை குடை கொண்டு வாங்கோ.

எத்தினை பேர் வாறியள் எண்டு மே 24, ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் இந்த நம்பருக்கே எழுதுங்கோ. குரல் மெசேஜ் வேண்டாம். நான் அநேகமா பெரியம்மாவுக்குப் பக்கத்திலதான் இருப்பன். பகலில கோல் எடுக்கிறதெண்டால் அவ ரியூஷன் குடுக்கிற மூண்டு மணிக்கும் அஞ்சு மணிக்கும் இடையில எடுங்கோ.

கட்டாயம் வாங்கோ.

பெரியம்மாவின்ர தங்கச்சியின்ர மகள்