வான் பாயும் நாள்: திரைக்கதையோடு சேர்ந்த நிறக் குறிப்பு

எடிட்டருக்கும் கலரிஸ்டுக்கும். திரைக்கதையின் ஆறாவது பிரதிக்கு உரியது. முந்தைய பிரதிகளோடு வந்த நிறத் தாள்களை எறிந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வெட்டுகிற தம்பிக்கும், சென்னையில் நிறம் பார்க்கப்போகிற அண்ணாவுக்கும் ஒரே தாளாக எழுதுகிறேன். இரண்டு பேரும் ஒரு அறையில் இருந்து வேலை செய்யப்போவதில்லை. அண்ணா வன்னியைப் பார்த்ததும் இல்லை. அதனால் சில இடங்களில் நீட்டித்தான் சொல்லுவேன்.

முதலில் ஒரு பழைய நோவு. என்னுடைய முதல் குறும்படத்தை ஓரிடத்தில் நிறம் பார்க்கக் கொடுத்தேன். போர் முடிந்த ஊர் என்று கதையில் இருந்ததை வாசித்துவிட்டு, படம் முழுக்கச் சாம்பலும் பச்சையுமாக இறக்கித் தந்தார்கள். நானும் அழகாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்து ஊரில் போட்டுக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, எங்கட மண் ஏன் செத்துப்போய்க் கிடக்கு?” இந்தப் படத்தில் அந்தக் கேள்விக்கு இடம் வரக்கூடாது. துக்கம் இருக்கிற காட்சியிலும் செம்மண் சிவப்பாகத்தான் இருக்கும். அங்கே அது அப்படித்தான் இருந்தது. நிறத்தை உறிஞ்சி எடுத்துச் சோகம் காட்ட வேண்டாம். வெப்ப நாடு என்று காட்ட முழுச் சட்டகத்திலும் மஞ்சள் பூசவும் வேண்டாம்.

கதை 2011 ஆவணியில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. இடம் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சின்னக் குளத்து ஊர். மீள்குடியேறி வந்த தங்கம் அக்காவும் பேத்தி துளசியும் தறப்பாள் கொட்டிலில் இருக்கிறார்கள். அக்காவின் புருசன் காணாமல் போனவர். அவ பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. படம் முழுவதையும் தாங்குவது அந்தப் பொட்டுத்தான்.

மூன்று சிவப்பு

இந்தப் படத்தில் சிவப்பு மூன்று. மூன்றும் எந்த நேரத்திலும் ஒன்றாகக் கலக்கக்கூடாது.

மண்ணின் சிவப்பு. காய்ந்திருக்கையில் `#B5613A`, நனைந்தால் `#6E3322`. செம்மஞ்சள் பக்கம் சாயும். நிறச்செறிவை ஏற்றினால் முதலில் கெடுவது இதுதான், செங்கல் சூளை மாதிரி எரியும். ஒரு போத்தலில் மண் அள்ளிப் பொதியில் வைத்திருக்கிறேன். வெள்ளைத் தாளில் கொட்டி, யன்னல் வெளிச்சத்தில் ஒருதரம் பாருங்கள். பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மொனிட்டரில் தெரிய வேண்டியது அந்த மண்தான்.

மிதிவெடிக் கம்பின் சிவப்பு, `#C4161C`. மிதிவெடி கிடக்கிற இடத்தைக் காட்ட நட்டது, தலைப்பில் பெயின்ற் அடித்த தடி. பெயின்ற் சிவப்பு என்பதால் மண்ணைவிடக் குளிர்ந்தது, தட்டையானது. மண்டையோட்டுப் பலகையும் இதே சிவப்பு.

பொட்டின் சிவப்பு, `#A3122B`. குங்குமம். கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயும். பளபளப்பே இல்லை.

வெக்டர்ஸ்கோப்பில் இந்த மூன்றும் கிட்டக் கிட்டத்தான் நிற்கும். ஆனால் ஒரே புள்ளியாக விழுந்தால் காட்சி 14 செத்துவிடும். காரணத்தை அந்தக் காட்சியில் சொல்கிறேன்.

சோளகம் (காட்சி 1–21)

ஆவணி, புரட்டாதி. சோளகக் காற்று அடிக்கிற காலம். குளம் அடி தெரிய வற்றி, சேறு வெடித்துக் கிடக்கும். கிரவல் றோட்டில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனால் புழுதி இறங்கக் கனநேரம் ஆகும். வானம் நீலம் இல்லை, பால் ஊற்றியது போல வெளிறியிருக்கும். அதை நீலமாக்க வேண்டாம். பச்சை என்று இருப்பது பாலை மரமும் வீரையும்தான், அதுவும் கறுப்புக் கலந்த பச்சை, `#4A5233`. பனையோலை வேலி `#8A7F5A`.

நீலம் தறப்பாளுக்கு மட்டும். வெயிலில் வெளுத்த நீலம், `#7FA3C4`. முதல் 21 காட்சிகளில் வேறு நீலம் இல்லாதபடி உடுப்பு, வாளி, பாய் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தோம். ஓரிடத்தில் மட்டும் தவறியது: காட்சி 9, இடதுபக்க மூலையில் பக்கத்து வளவுக்காரரின் பிளாஸ்டிக் கதிரை. விண்டோ போட்டு அதன் நீலத்தைக் கொல்லுங்கள்.

இந்தப் பகுதிக்கான தொடக்கக் கணக்கு:

```xml
<SOPNode>
  <Slope>1.02 1.00 0.97</Slope>
  <Offset>0.000 0.000 -0.004</Offset>
  <Power>1.00 1.00 1.00</Power>
</SOPNode>
<SatNode>
  <Saturation>0.94</Saturation>
</SatNode>
```

இது தொடக்கம் மட்டும்தான். இதிலிருந்து எங்கே போனாலும் முதலில் முகத்தைப் பாருங்கள். தங்கம் அக்காவாக நடிக்கிறவ நல்ல கறுப்பு. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வெயில் பட்டு மினுங்குவது அந்த முகத்தின் அழகு. நிழல் பக்கத்தைத் தூக்கி முகத்தை வெளுப்பாக்கினால் அந்த மினுக்கம் போய்விடும். தோல், வெக்டர்ஸ்கோப்பின் தோல் கோட்டில் நின்றால் போதும். வேவ்ஃபார்மில் தாழ்ந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

*காட்சி 7. நினைவு. 2002. கலியாண வீடு.* ஏப்பிரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த வருசம். நினைவு என்றதும் பழுப்பு நிறம் போடுகிற வழக்கம் இங்கே வேண்டாம். இதற்கு மாதிரி, ஒரு வீட்டில் எனக்குக் காட்டிய கலியாண அல்பம். உடுப்புப் பையோடு இடத்துக்கு இடம் தூக்கித் திரிந்ததில் ஈரம் ஏறி, படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிட்டன. ஓரங்களில் நிறம் கழன்று வெள்ளைத் திட்டாகக் கிடக்கிறது. நடுவில் மாலையும் பட்டுச் சேலையும் இன்னும் முழு நிறத்தோடு இருக்கின்றன. 7, 18, 27 மூன்றும் அப்படித்தான்: நடுவில் முழு நிறம், ஓரத்தில் மட்டும் மெல்ல வெளிறல். வட்டமாகத் தெரியக்கூடாது, ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். அந்த அல்பத்தை நான் படம் பிடிக்கவில்லை, அது அவர்களுடையது. அதைப் பார்த்து நாங்கள் செய்த மாதிரி `VPN_S07_ref01.tif`.

*காட்சி 14. வெளி. காட்டோரம். காலை.* துளசி கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். கம்புகளை அவள் காண்பதற்கு முன்பு பார்ப்பவர் காண வேண்டும். இசையும் இல்லை, கிட்டக் காட்டும் ஷாட்டும் இல்லை. நிறம் ஒன்றுதான் எச்சரிக்கை. மண்ணைச் சிவப்பாக்கப்போய்க் கம்பு அதற்குள் மறைந்தால், துளசிக்குத் தெரியாதது போலவே பார்ப்பவருக்கும் தெரியாமல் போய்விடும். குவாலிஃபயரில் மண்ணை மட்டும் பிடித்துக் கொஞ்சம் அடக்குங்கள். கம்பைக் கூட்ட வேண்டாம், கூட்டினால் மின்விளக்குப் போலத் தெரியும். தம்பிக்கு: இரண்டாவது டேக்கில் கம்பு சட்டகத்துக்குள் வந்து ஒன்றரை நொடி கழித்துத்தான் அவள் திரும்புகிறாள். அந்த ஒன்றரை நொடியில் கை வைக்காதே.

*காட்சி 16. உள். கொட்டில். இரவு.* குப்பி விளக்கு ஒன்றுதான். கமராவை 3200Kயில் பூட்டி எடுத்தோம். மண்ணெண்ணெய்ச் சுடர் அதைவிட வெகு கீழே, 1900K அளவில் எரிவதால் எல்லாம் செம்மஞ்சளாக வரும். அதைச் சமன்செய்து வெள்ளையாக்க வேண்டாம். ஆனால் அந்த வெளிச்சத்தில் பொட்டு தோலோடு கரைந்துவிடுகிறது. அக்கா கண்ணாடித் துண்டைப் பார்த்துப் பொட்டு வைக்கிற காட்சியே இதுதான். நெற்றிக்கு ஒரு சிறு விண்டோ, பொட்டின் ஹ்யூவை ஊதாப் பக்கம் ஒரு நூல் அளவு தள்ளினால் தெரியும். விரல் நடுக்கத்தில் மூக்கின் மேல் கொஞ்சம் குங்குமம் உதிர்கிறது, அது தற்செயலாக வந்தது. அதுவும் தெரிய வேண்டும்.

தம்பிக்கு இன்னொன்று. காலை எட்டு மணி ஷாட்டையும் நடுப்பகல் ஷாட்டையும் ஒரே காட்சிக்குள் ஒட்டாதே. நிறத்தால் சரிக்கட்டலாம் என்று நினைப்பாய். நிழல் காலடிக்குள் நிற்பதை யாராலும் சரிக்கட்ட முடியாது. காட்சி 12இல் முகில் மறைத்த டேக்குகள் ஒருபக்கம், வெயில் டேக்குகள் ஒருபக்கம். முகில் டேக்குகளையே எடு.

காட்சி 22. முதல் மழை

படத்தின் நிறம் மாறுவது இங்கேதான். அதை நாங்கள் மாற்றவில்லை, மழைதான் மாற்றுகிறது. ஒரே ஷாட், 48 நொடி. முற்றத்தில் முதல் துளி விழுந்து புழுதியில் சின்னக் குழி விழும். குழி ஒவ்வொன்றும் கருஞ்சிவப்புப் பொட்டாகும். பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் முற்றம் முழுக்க `#6E3322` ஆகிவிடும்.

அண்ணா, இந்த ஷாட்டுக்குள் ஒரு கீஃபிரேமும் போட வேண்டாம். தொடக்கத்தில் சோளகத்தின் கணக்கு, அதுவே கடைசி நொடி வரை. தம்பி, 48 நொடியும் வேண்டும். நீளம் என்று யார் சொன்னாலும் என்னிடம் அனுப்பு.

வாடை (காட்சி 23–34)

இங்கிருந்து மேலே தந்த கணக்கை விடலாம். Slope மூன்றும் 1.00, Offset மூன்றும் 0.000, Saturation 1.00. வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. வானம் கறுத்திருக்கும், நிழல் இருக்காது, நாற்று `#8FB339` என்று எழும்பும். அந்தப் பச்சையைக் கண்டு சந்தோசத்தில் ஏற்றிவிடாதீர்கள். குளத்தின் புதுத் தண்ணீர் தேத்தண்ணி நிறம், நீலம் இல்லை.

காட்சி 26இல் வேலியில் கார்த்திகைப்பூ இருக்கிறது. அந்த மாதத்தில் அது தானாகப் பூப்பது, நாங்கள் நட்டதில்லை. கூட்டவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம்.

காட்சி 28, கார்த்திகை விளக்கீடு. படலையில் சிட்டி விளக்குகள். பின்னால் வானம் நீலமாக இருக்கிற அந்த இருபது நிமிசத்தில் எடுத்தது. தறப்பாளைத் தவிர வேறு நீலம் படத்துக்குள் வருவது இங்கேதான் முதல்தரம், தாராளமாக வரட்டும்.

காட்சி 34. குளம் நிரம்பி வான் பாய்கிறது. அக்கா குளக்கட்டில் நிற்கிறா, முகத்தில் தண்ணீர்த் தூவல். பொட்டு கரைந்து ஒரு கோடாக இறங்குகிறது. நனைந்த மண்ணும் அந்தக் கோடும் இரண்டு சிவப்பாகவே இருக்கட்டும்.

வேலை முறை

எடிட்டில் `VPN_look_v03.cube` மட்டும். வேறு ஃபில்டர் போட்டுப் பார்த்துக் கண் பழகினால் பிறகு சரியான நிறம் பிழையாகத் தெரியும். பகல் எல்லாம் 5600Kயில் பூட்டியது. ஒவ்வொரு நாளும் முதல் கிளிப்பில் நிற அட்டை இருக்கிறது. மொனிட்டர் Rec.709, காமா 2.4, 100 நிற்ஸ். தியேட்டருக்கு P3, காமா 2.6, 48 நிற்ஸ்.

மூன்றாவது பிரதி ஒன்றும் வேண்டும். இந்தப் படம் முதலில் ஓடப்போவது பள்ளிக்கூட முற்றத்தில், வெள்ளைச் சேலையில், ஜெனரேற்றர் புரொஜெக்டரில். அங்கே கறுப்பு கறுப்பாக விழாது, சாம்பலாகத்தான் விழும். குப்பி விளக்குக் காட்சிகள் 16, 19, 30 மூன்றையும் அந்தப் பிரதியில் நடு வெளிச்சத்தை மட்டும் தூக்கித் தாருங்கள். அனுப்ப முன்பு அறை விளக்கைப் போட்டுவிட்டுச் சுவரில் அடித்துப் பாருங்கள். பொட்டு தெரிந்தால் அனுப்பலாம்.