கிளினிக் கவுண்டரில் போன் எடுப்பவர்களுக்கு: எது அவசரம், யாரை எங்கே அனுப்புவது

சிங்கப்பூர் யீஷூன் கிளினிக் கவுண்டரில் போன் எடுக்கும் எல்லாருக்கும் இது. போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நோய் என்னவென்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, அது டாக்டர் பார்த்துக்கொள்வார். யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கவே கூடாது என்று பிரிப்பதுதான் நம் வேலை.

போனை எடுத்ததும்:
"வணக்கம், கிளினிக். யாருக்கு உடம்பு சரியில்லை? இப்போது என்ன செய்கிறது?"

ஐசி நம்பர், கம்பெனி கார்டு எல்லாம் அப்புறம். பதிலைக் கேட்காமல் "லைன்ல இருங்க" என்று யாரையும் நிறுத்தி வைக்காதீர்கள்.

அடுத்து, எல்லாரிடமும் இந்த மூன்று கேள்விகள்:
"மூச்சு விட சிரமமா இருக்கா? நெஞ்சில் வலியோ இறுக்கமோ இருக்கா? கூப்பிட்டால் சரியா பதில் சொல்றாங்களா?"

மூச்சு, நெஞ்சு, நினைவு. ஒன்றில் கோளாறு என்றாலும் உடனே ஆம்புலன்ஸ் எண் 995.

நெஞ்சு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் நெஞ்சு வலி என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாலை ஒரு ஆண்ட்டி போன் பண்ணி, "சும்மா கேஸ்தான்மா, நாளைக்குக் காலையில அங்கிளுக்கு ஒரு நம்பர் போட்டு வை" என்றார். நான் நம்பர் எழுதப் போய், ஏதோ தோன்றி, "அங்கிளுக்கு வேர்க்குதா?" என்று கேட்டேன். "சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு" என்றார். அதனால் கேஸ், வாயு, நெஞ்சு கரிக்குது, தோள்பட்டை இழுக்குது என்று யார் சொன்னாலும் இதைக் கேளுங்கள்:
"வேர்க்குதா? வலி கைக்கோ தாடைக்கோ போகுதா? மூச்சு வாங்குதா? சர்க்கரை, பிரஷர் இருக்கா?"
வேர்வை, மூச்சு வாங்குவது, பரவும் வலி என்றால் 995. சர்க்கரை நோயாளிக்கும் வயதானவருக்கும் வலியே பெரிதாகத் தெரியாமல் மாரடைப்பு வரலாம். அதனால் "லேசாதான்" என்ற சொல்லை நம்பாதீர்கள்.

பக்கவாதம்: "சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, ஒன்று கீழே இறங்குதா? பேச்சு குழறுதா?" ஒன்று இருந்தாலும் 995. "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்றும் கேட்டு, ஆம்புலன்ஸ்காரரிடம் அந்த நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்றாலும் போகத்தான் வேண்டும்.

995 என்று முடிவானதும் சொல்ல வேண்டியது:
"அங்கிள், இது கிளினிக்கில் பார்க்கிற விஷயம் இல்லை. இப்போதே 995 கூப்பிடுங்க. பிளாக் நம்பர், மாடி, வீட்டு நம்பர் சொல்லுங்க, அவங்க சொல்றபடி செய்யுங்க. கதவைத் திறந்து வையுங்க. சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீங்க. மருந்துப் பையை எடுத்து வையுங்க. நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீங்க."
தனியாக இருக்கிறார், பேச முடியவில்லை என்றால் முகவரியை வாங்கி நாமே இன்னொரு போனில் கூப்பிடுவோம். முதல் லைனை வைக்காதீர்கள்.

குழந்தைகள்: மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் கிளினிக்குக்கு வரச் சொல்லாதீர்கள், கேகே மருத்துவமனை மாதிரி குழந்தைகள் அவசரப் பிரிவு இருக்கிற இடத்துக்கு நேராக அனுப்புங்கள். வலிப்பு, உதடு நீலம், எழுப்பினாலும் எழவில்லை என்றால் 995. பெரிய பிள்ளைக்குக் காய்ச்சல், ஆனால் விளையாடுகிறான், தண்ணீர் குடிக்கிறான் என்றால் இன்றைக்கு ஒரு நேரம் கொடுங்கள்.

டெங்கியில் பலர் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும்போதுதான். "மூணு நாள் காய்ச்சல், இன்னைக்குப் பரவாயில்லை, ஆனா ரொம்ப வயித்து வலி, வாந்தி" என்றாலோ, ஈறில் ரத்தம், ஒரே சோர்வு என்றாலோ டாக்டருக்கு உடனே இணைப்பு கொடுங்கள். அவர் நோயாளியோடு இருந்தாலும் கதவைத் தட்டுங்கள், திட்ட மாட்டார். கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவு என்றாலும் இப்படியே. தங்குவிடுதித் தம்பி ஒருவருக்காக நண்பர் கூப்பிட்டு, வெயிலில் வேலை பார்த்தவர் உளறுகிறார் என்றால் அது 995. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறச் சொல்லுங்கள்.

"வாழவே பிடிக்கலை" என்று யாராவது சொன்னால் குரலை இறக்கிக் கேளுங்கள்: "உயிரை மாய்ச்சுக்கணும்னு தோணுதா அக்கா? இப்போ பக்கத்துல யார் இருக்காங்க?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உடனே ஆபத்து என்றால் 995. இல்லையென்றால் டாக்டருக்குச் சொல்லிவிட்டு தற்கொலைத் தடுப்பு உதவி லைன் 1767 எண்ணைக் கொடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நீங்களாகப் போனை வைக்காதீர்கள்.

சளி, இருமல், எம்சி, மருந்து தீர்ந்துபோனது இதெல்லாம் வழக்கமான நம்பர்தான். வைக்கும் முன் மட்டும், "மோசமானா காத்திருக்காம திரும்பக் கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள், நீங்களே பனடால் போடச் சொல்லாதீர்கள்.

995 சொன்ன ஒவ்வொரு அழைப்புக்கும் நேரத்தையும் அவர்கள் சொன்ன வார்த்தையையும் அப்படியே நோட்டில் எழுதி, ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "995 கூப்பிட்டீங்களா?"