கன்னத்தில் ஈரம்

குறும்படத்துக்கான கதை வசனம்

இடம்: மானாமதுரைக்கு அருகே, வைகையை ஒட்டிய ஒரு கிராமம். காலம்: திருக்கார்த்திகைக்கு முந்தைய ஐந்து நாட்களும் கார்த்திகை மாலையும்.

பாத்திரங்கள்: கருப்பையா, மண்பாண்டம் செய்பவர், வயது 71. பாண்டியம்மாள், அவருடைய மருமகள். செல்வி, பேத்தி, எட்டாம் வகுப்பு. சின்னப்பொண்ணு, பொரி வறுப்பவர். வியாபாரி, தொலைபேசியில் குரல் மட்டும்.

காட்சி 1. வேலைக் கொட்டகை. பகல்.

முதலில் மழைச் சத்தம், பிறகு படம். மின்சாரம் இல்லை. மோட்டார் சக்கரம் நின்று கிடக்கிறது. மூலையில் சாத்தியிருந்த பழைய சக்கரத்தை உருட்டி வந்து அச்சில் பொருத்துகிறார் கருப்பையா. கம்பை விட்டுச் சுழற்றுகிறார். நடுவில் ஒரு பெரிய மண் கட்டி. அதன் உச்சியில் கட்டைவிரல் இறங்குகிறது, குழி விழுகிறது, விளிம்பு விரிகிறது. நூலைச் சுற்றி இழுக்கிறார். அகல் கைக்கு வந்துவிடுகிறது. அதே கட்டியிலிருந்து அடுத்தது.

(ஐந்து விளக்குகளை வெட்டாமல் காட்ட வேண்டும். ஐந்தும் ஒரே அளவு என்பதை யாரும் சொல்லக் கூடாது. பார்ப்பவரே கண்டுகொள்ளட்டும்.)

செல்வி பலகையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் அழுத்தித் திரிக்கு மூக்கு எடுக்கிறாள்.

செல்வி: தாத்தா, நான் எடுக்கிற மூக்கெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

கருப்பையா: நீ இடக்கைக்காரி. சாயத்தான் செய்யும்.

செல்வி: அழித்துவிட்டுத் திரும்ப எடுக்கட்டுமா?

கருப்பையா: எதற்கு? திரி நிற்கிறதா, அது போதும் தாயி.

காட்சி 2. கொட்டகையின் உள்பக்கம். இரண்டு நாள் கழித்து, காலை.

மழை விடவில்லை. தரை, பரண், கட்டிலின் அடி, எங்கும் பச்சை விளக்குகள். கருப்பையா ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுகிறார். எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறார். இன்னொன்று. அதுவும் அப்படியே.

(கன்னத்துக்கு வெகு அருகில் கேமரா. நரைத்த தாடி முள், சாம்பல் நிற மண், விளிம்பில் செல்வியின் ரேகை. இசை வேண்டாம்.)

செல்வி: கையால் தொட்டால் காய்ந்த மாதிரிதானே இருக்கிறது?

கருப்பையா: கை ஏமாந்துவிடும். கன்னத்துக்குத் தெரியும். இந்தா, வைத்துப் பார்.

செல்வி: சில்லென்று இருக்கிறது.

கருப்பையா: உள்ளே தண்ணீர் இருக்கிறது. இப்படியே சூளையில் அடுக்கினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் விளக்கை வெடித்துக்கொண்டு வரும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருக்கிற பத்தும் போச்சு.

தொலைபேசி ஒலிக்கிறது. பாண்டியம்மாள் எடுத்து ஒலியைக் கூட்டுகிறாள்.

வியாபாரி (குரல்): அண்ணாச்சி, கார்த்திகைக்கு முதல் நாள் மதியம் வண்டி வரும். இரண்டாயிரம் விளக்கு. கோயில் வாசல் கடைக்காரர்களுக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கருப்பையா: அனுப்புங்கள்.

பாண்டியம்மாள்: மாமா, எந்தத் தைரியத்தில் சொன்னீர்கள்?

கருப்பையா: முன்பணத்தைத்தான் விறகுக்குக் கொடுத்துவிட்டோமே. வேறு என்ன சொல்வது?

பாண்டியம்மாள்: நம் அடுப்பு ஓரத்தில் நூறு வைக்கலாம். தெருவில் எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. யாரிடம் கேட்பது?

செல்வி வாசலைப் பார்க்கிறாள். மழைக்குள்ளே, தெருக்கோடியில் ஒரு ஓலைக் கொட்டகையிலிருந்து புகை. பொரி வறுக்கிற வாசம் அவளுக்கு வருகிறது. நமக்கும் வர வேண்டும். கார்த்திகைக்கு முன் பொரிக்கொட்டகையில் அடுப்பு அணைவதே இல்லை.

காட்சி 3. பொரிக்கொட்டகை. அதே நாள்.

பெரிய இரும்புச் சட்டியில் கருத்த மணல் கொதிக்கிறது. சின்னப்பொண்ணு ஒரு கை அரிசியைப் போட்டுக் கிளறுகிறாள். சடசடவென்று வெள்ளை பூக்கிறது. சல்லடையில் அள்ளி மணலைச் சலிக்கிறாள். வாசலில் செல்வி, தலையில் பலகை, பலகைமேல் பாலிதீன் தாள்.

சின்னப்பொண்ணு: என்னடி அது, நனைந்துகொண்டு?

செல்வி: விளக்கு, அத்தை. காயவில்லை. தாத்தா கேட்டுவரச் சொன்னார். (நிறுத்தி) இல்லை, தாத்தா சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன்.

சின்னப்பொண்ணு அவளையே பார்க்கிறாள். பிறகு சுவரோரம் அடுக்கிய பொரி மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்துகிறாள்.

சின்னப்பொண்ணு: சட்டிக்குப் பக்கத்தில் வைக்காதே, விரிசல் விடும். சுவரை ஒட்டி வை. உன் தாத்தாவிடம் சொல், இரவிலும் வறுக்கிறேன், எத்தனை பலகை இருந்தாலும் கொண்டு வரலாம் என்று.

(அடுத்து வரும் நடைகளை விரைவாகக் காட்டலாம். செல்வி, பாண்டியம்மாள், தெருப் பிள்ளைகள் நான்கு பேர், பலகைகள், குடைகள். டீக்கடை அடுப்பு மேடையிலும் இரண்டு பலகை.)

காட்சி 4. சூளை. கார்த்திகைக்கு இரண்டு நாள் முன், இரவு.

மழை தூறலாகிவிட்டது. தகரக் கூரையின் கீழ் விறகு, தேங்காய் மட்டை, அதன்மேல் விளக்குகள், அதற்கும் மேல் வைக்கோல். வைக்கோல்மீது பாண்டியம்மாள் சேற்றை மெழுகுகிறாள். புகை போக ஆங்காங்கே ஓட்டை. கருப்பையா முதலில் கொஞ்சம் மட்டையை மட்டும் பற்ற வைக்கிறார். பெருந்தீ இல்லை, புகைதான்.

கருப்பையா: அவசரப்படக் கூடாது. மிச்ச ஈரம் இப்போது போகட்டும்.

ஓட்டைகளில் வெள்ளைப் புகை. மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. எல்லோரும் ஒரே சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

உள்ளே 'டப்' என்று ஒன்று.

செல்வி தாத்தாவின் கையைப் பிடிக்கிறாள். அடுத்தது வருகிறதா? மழைத்துளி தகரத்தில் விழும் ஒலி மட்டும். வெள்ளைப் புகை மெல்லக் குறைந்து நிறம் மாறுகிறது. கருப்பையா விறகைத் தள்ளுகிறார். சேற்று ஓட்டைகளுக்குள் சிவப்பு ஏறுகிறது.

(இந்தக் காட்சியைக் குறைக்க வேண்டாம். படத்தின் உயிர் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.)

காட்சி 5. சூளை. கார்த்திகைக்கு முதல் நாள், மதியம்.

சாம்பலுக்குள் கையை விட்டு ஒரு விளக்கை எடுக்கிறார் கருப்பையா. செங்கல் சிவப்பு. ஊதித் துடைத்து விரல் கணுவால் தட்டுகிறார். 'ணங்' என்கிறது. அதைச் செல்வியின் கன்னத்தில் வைக்கிறார்.

செல்வி: வெதுவெதுப்பாக இருக்கிறது.

பாண்டியம்மாள் எண்ணிக்கொண்டே கூடையில் போடுகிறாள். வாசலில் வண்டியின் ஹாரன்.

பாண்டியம்மாள்: இரண்டாயிரம் தேறிவிட்டது மாமா. மேலே அறுபத்தைந்து இருக்கிறது. சொட்டை விழுந்தது தனியாக.

காட்சி 6. வீட்டு வாசல். கார்த்திகை மாலை.

வானம் வெளுத்திருக்கிறது. வாளித் தண்ணீரில் புது விளக்குகள் ஊறுகின்றன. சிறு குமிழிகள் மேலே வருகின்றன. இப்படித் தண்ணீர் குடித்த விளக்கு எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. சின்னப்பொண்ணு ஒரு படி பொரியோடு வருகிறாள். கருப்பையா பன்னிரண்டு விளக்குகளை எடுத்து அவள் முறத்தில் வைக்கிறார். காசுப் பேச்சு இல்லை.

சின்னப்பொண்ணு: என் கொட்டகையில் காய்ந்தது எது வேளாரே?

கருப்பையா: சுட்ட பிறகு யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே நிறம்.

செல்வி: எனக்குத் தெரியும். நான் முதலில் கொண்டு வந்த பலகை முழுக்க நான் மூக்கு எடுத்தது.

முறத்தில் தேடி, மூக்கு சாய்ந்த ஒன்றை எடுத்துச் சின்னப்பொண்ணுவின் கையில் கொடுக்கிறாள்.

இருட்டுகிறது. திண்ணை, கோலம், கிணற்றடி, குப்பைமேடு, சூளை வாய், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. பெரும்பாலும் சொட்டை விழுந்தவை. கொட்டகைக்குள் நின்றுபோன பழைய சக்கரத்தின் நடுவில் கருப்பையா ஒரு விளக்கை வைக்கிறார். செல்வி திரியை ஏற்றுகிறாள். கருப்பையா விரல் நுனியால் சக்கரத்தை லேசாகத் தள்ளுகிறார். அரைச் சுற்று. சுடர் படுத்து, நிமிர்கிறது.

திரை இருள்கிறது. பொரி மெல்லும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.