பத்தாம் நாள்

1988ஆம் ஆண்டுக் கோடையில், கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு கரிசல் கிராமத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவள் செல்வி ஒருத்திதான். தேறினால் டவுனுக்குப் போய்ப் பிளஸ் ஒன் படிப்பது, தவறினால் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போவது என்று அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கண்பட்டுவிடும் என்ற அச்சத்தில் செல்வி தன் பதிவெண்ணை வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை, பேருந்து நிறுத்தத்தில் அவளைக் கண்ட தமிழாசிரியர், "இன்றைக்கு முதல் பத்தாம் நாள் ரிசல்ட். மாலைப் பேப்பரில் நம்பர் வந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார். செல்வி மறுநாள் விடியற்காலையில் எழுந்து, அடுப்புக்கரியால் மாட்டுத்தொழுவத்துச் சுவரில் முதல் கோட்டை இழுத்தாள். முந்திய நாள்தான் பாதி முடிந்த பிறகு செய்தி வந்ததே, அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோடுகள் வியாழன், வெள்ளி என்று வளர்ந்தன. அவள் கணக்கின் பத்தாம் கோடு அடுத்த வாரச் சனிக்கிழமையில் விழுந்தது. அன்று மாலை டவுனிலிருந்து பேப்பர் வாங்கிவரும்படி பால்காரரிடம் காசும் கொடுத்து வைத்தாள்.

காத்திருந்த நாள்கள் எல்லாம் பெட்டி ஒட்டுவதில் கழிந்தன. வெள்ளிக்கிழமை மாலையிலும் அவள் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து, விரல் நுனியில் பசை காய்ந்து தோலாக உரியும் வரை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நண்பகலில் ஒட்டிய பெட்டிகளை எண்ணி எடுக்க வந்த ஏஜெண்டு, குரோஸ் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டே, "நேற்றே ரிசல்ட் வந்துவிட்டதே, உன் மகள் என்ன ஆனாள்?" என்று கேட்டார். அம்மா திரும்பிப் பார்த்தாள். செல்வி, "இல்லை, இன்றைக்குத்தான்" என்றாள். ஏஜெண்டு சிரிக்கவில்லை, டீக்கடையில் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அம்மாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தவறிப்போனதை மகள் ஒரு நாள் முழுவதும் மறைத்திருக்கிறாள் என்று அவள் நினைத்ததைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் தேறிய பிள்ளை எதுவும் வாயைத் திறக்காமல் இருந்ததை அந்த ஊர் கண்டதில்லை. ஏஜெண்டு நீட்டிய நூறு ரூபாய் முன்பணத்தை அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செல்வி தொழுவத்துக்கு ஓடிக் கோடுகளை மறுபடியும் எண்ணினாள். பத்துதான் இருந்தன. பின்னாலேயே வந்த பாட்டி சுவரைப் பார்த்தாள்.

"வாத்தியார் என்றைக்குச் சொன்னார்?"

"போன வாரம் புதன்கிழமை."

"புதன்கிழமைக் கோடு எங்கே?"

செல்வி பதில் சொல்லவில்லை.

"நம் அம்மன் கோவிலில் கொடியேறுகிற நாள்தானே முதல் திருநாள்? உன் தாத்தாவுக்குப் பதினாறு எண்ணியபோது, அவர் கண்ணை மூடிய நாளை விட்டுவிட்டா எண்ணினோம்? இன்றைக்கு முதல் என்றால் இன்றைக்கும் சேர்த்துத்தானடி. ஏஜெண்டு சொன்னது சரி, பத்தாம் நாள் நேற்றே போய்விட்டது."

இருவரும் டீக்கடைக்கு நடந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பேப்பரை அதற்குள் கால் தாள்களாகக் கிழித்து, வடை மடிப்பதற்காகக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார் கடைக்காரர். பாதிக்கு மேல் செலவாகியிருந்தது. மீதியை அவர் கழற்றிக் கொடுக்க, செல்வி பெஞ்சின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். எறும்பு வரிசை போன்ற பொடி எழுத்தில் எண்கள். சில தாள்களில் வேறு மாவட்டத்தின் எண்கள், சிலவற்றில் சினிமா விளம்பரம். எண்ணெய் ஊறிய ஒரு தாளில் அவள் பள்ளியின் வரிசை தொடங்கியது, ஆனால் அவள் எண்ணுக்கு முன்னதாகவே கிழிந்திருந்தது. அதன் மறுபாதி யார் கையில் வடையோடு போயிற்றோ என்று கடைக்காரர் தலையில் கைவைத்தபோது, பாட்டி குனிந்து பெஞ்சுக்கு அடியில் கசங்கிக் கிடந்த தாளை எடுத்து நீவிக் கொடுத்தாள்.

418231, 418234, 418237.

செல்வி மூன்றாவது எண்ணின்மேல் விரலை வைத்து, முதன்முறையாக அதை வாய்விட்டுப் படித்தாள். கடைக்காரரும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "பாஸ்தான்" என்று உறுதி சொன்னார்.

வீட்டில் அம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எந்த எண் என்று கேட்டாள். செல்வி காட்டியதும், பசைக் கையை முந்தானையில் துடைக்கப் போனவள் முடிச்சு தட்டுப்பட்டு நின்றாள். பிறகு அதை அவிழ்த்து நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு, ஏஜெண்டின் சைக்கிள் அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று செருப்பில்லாமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.