ஞாயிறு மாலை காபி குறித்து: மேலாளரின் பதில் கடிதம்

மேற்கு மாம்பலம், சென்னை - 600033
18-11-2025

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நேற்றுக் காலை நீங்கள் கல்லாவில் கொடுத்துவிட்டுப் போன கடிதம் கிடைத்தது. உங்கள் அப்பாவின் உடல்நிலை இப்போது எப்படி இருக்கிறது? இரண்டு மிடறு குடித்த பிறகுதான் இனிப்பு தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை நோய் உள்ள 78 வயதுப் பெரியவருக்குச் சர்க்கரை போட்ட காபியைக் கொடுத்ததற்கும், அதையும் முக்கால் மணி நேரம் காக்க வைத்துக் கொடுத்ததற்கும் உங்களிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் கடையில் இல்லை. அதனால் பில்லையும் கேமரா பதிவையும் எடுத்துப் பார்த்தேன். அன்று வேலையில் இருந்தவர்களிடம் தனித்தனியாக விசாரித்தேன். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. பில் போட்ட நேரம் 6.12. கீரை வடையும் உங்கள் இஞ்சி டீயும் 6.20-க்குள் வந்துவிட்டன. அப்பாவின் காபி மேசைக்கு வந்தபோது மணி 6.53. இடையில் மூன்று முறை எழுந்து வந்து கேட்டிருக்கிறீர்கள். மூன்று முறையும் கிடைத்த பதில் "இதோ வந்துவிடும்" என்பதுதான்.

தாமதத்துக்குக் காரணம் டிகாக்‌ஷன் தீர்ந்துபோனது. அயோத்தியா மண்டபத்தில் நிகழ்ச்சி முடிந்து வரும் கூட்டத்தை எதிர்பார்த்து மாலை நான்கு மணிக்கே ஒரு பெரிய ஃபில்டர் இறக்கி வைப்போம். அன்று அது உங்களுக்கு முன்னால் நின்றவரோடு முடிந்துவிட்டது. புதிதாகப் பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, அந்த அளவு ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்க அரை மணிக்குக் குறையாமல் ஆகும். அவசரத்துக்குப் பழைய பொடியிலேயே மறுபடி வெந்நீர் விட்டு இரண்டாம் டிகாக்‌ஷன் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எங்கள் காபி மாஸ்டர் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். அதில் நான் அவர் பக்கம். ஆனால் டிகாக்‌ஷன் இல்லை என்று தெரிந்த பிறகும் கல்லாவில் காபிக்குப் பணம் வாங்கியது எந்த நியாயத்திலும் சேராது. "அரை மணி ஆகும், டீ சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தால், உட்காருவதா கிளம்புவதா என்று நீங்களே முடிவு செய்திருப்பீர்கள். பின்னால் வந்த பக்கத்து மேசைக்காரர்களுக்கு முதலில் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் வாங்கியது டீ. அதை யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அந்தக் கோபமாவது வந்திருக்காது.

சர்க்கரை வந்த கதை வேறு. கல்லாவில் இருந்தவர் நீங்கள் சொன்னதைச் சரியாகத்தான் பதிந்திருக்கிறார். உள்ளே போன சீட்டில் W/O SUGAR என்று அச்சாகி இருக்கிறது. ஆனால் எங்கள் மாஸ்டர் சீட்டைப் பார்த்துக் காபி போடுவதில்லை. "ஒரு ஸ்ட்ராங், ரெண்டு லைட்" என்று பரிமாறும் பையன் குரல் கொடுப்பான், அவர் கை அதன்படி ஓடும். கூட்டம் வரும் நேரங்களில் இன்னொரு பழக்கமும் உண்டு: பத்துப் பன்னிரண்டு டம்ளர்களை டபராவோடு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுவிடுவார்கள். பிறகு டிகாக்‌ஷனும் பாலும் விட்டு ஆற்றினால் போதும். சென்னையில் பல காபிக் கடைகளில் இதைப் பார்க்கலாம், வேகத்துக்கு நல்லது. சர்க்கரை வேண்டாம் என்பவருக்குத் தனியாக ஒரு டம்ளர் எடுக்க வேண்டும். புது டிகாக்‌ஷன் இறங்கியதும் காத்திருந்த ஒன்பது காபிகளையும் ஒரே மூச்சில் போட்டிருக்கிறார்கள். அந்தத் தனி டம்ளரை யாரும் எடுக்கவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் வேலையில் நேரும் பிசகுகள். உங்கள் கடிதத்தில் என்னைக் கூச வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. காபி இனிக்கிறது என்று நீங்கள் சொன்னதற்கு, "கலக்காமல் மேலாகக் குடிக்கச் சொல்லுங்கள், சர்க்கரை அடியில்தான் இருக்கும்" என்று எங்கள் பையன் பதில் சொல்லியிருக்கிறான். ஆற்றிக் கொடுத்த காபியில் அடி என்ன, மேல் என்ன? தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும், ஒரு நோயாளிக்கு அப்படிச் சொல்லவே கூடாது. அந்தக் காபியை அங்கேயே திருப்பி எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்க வேண்டும். அப்போது டிகாக்‌ஷனும் இருந்தது.

அந்தப் பையனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் செய்யப்போவதில்லை, உங்களிடம் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அன்று பரிமாற வேண்டிய மூன்று பேரில் இருவர் விடுப்பு. விடுப்பு கொடுத்தவன் நான், மாற்று ஆள் போடாதவனும் நான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவன் தனியாகப் பதினொரு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று உங்கள் கடிதத்தை அவனுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவன் தரப்பில் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. நீங்கள் அடுத்த முறை வரும்போது அவனே உங்கள் மேசைக்கு வந்து பேசுவான். வேண்டாம் என்றால் கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வரமாட்டான்.

நேற்று மாலை முதல் டம்ளர்களில் முன்கூட்டியே சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டோம். மாஸ்டர் முணுமுணுக்கிறார், கூட்ட நேரத்தில் ஒவ்வொரு காபிக்கும் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது, ஆகட்டும். சர்க்கரை இல்லாத காபி இனிமேல் பித்தளை டபராவில் மட்டுமே வரும், மற்றவை எவர்சில்வரில். யார் போட்டாலும் யார் தூக்கி வந்தாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். டிகாக்‌ஷன் தீர்ந்தால் கல்லாவில் அதற்கென ஒரு பலகை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பலகை அங்கே இருக்கும்போது காபிக்குப் பில் போடக் கூடாது.

நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் உரிமை. இந்தக் கடிதத்தையும் அங்கே தாராளமாகக் காட்டலாம். அன்றைய கேமரா பதிவு தானாக அழிந்துவிடாமல் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன்.

பில் தொகை 157 ரூபாய் 50 காசையும் நீங்கள் பணம் செலுத்திய அதே யுபிஐ கணக்குக்கு நேற்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டோம். வடையும் டீயும் நன்றாக இருந்தன என்று நீங்கள் எழுதியிருந்தாலும், ஆறிப்போன டீயை எதிரில் வைத்துக்கொண்டு அப்பாவின் காபிக்காகக் காத்திருந்ததற்குப் பணம் வாங்குவது சரியில்லை. இலவசக் கூப்பன் எதையும் இத்துடன் இணைக்கவில்லை. நடந்ததை ஒரு கூப்பனால் சரிக்கட்டப் பார்ப்பதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அப்பாவுக்கு மனம் இருந்தால் ஒரு நாள் அழைத்து வாருங்கள். திங்கள் தவிர மற்ற நாட்களில் மாலை நான்கு முதல் ஒன்பது வரை நான் கல்லாவிலேயே இருப்பேன். காலை ஆறரைக்கு வந்தால் முதல் டிகாக்‌ஷன் கிடைக்கும், கூட்டமும் இருக்காது. பணம் வெள்ளிக்கிழமைக்குள் கணக்கில் வரவில்லை என்றால் கடைக்கு அலைய வேண்டாம். தொலைபேசியில் பில் எண் 2147 என்று சொன்னால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேலாளர்
ஆரிய கௌடா சாலைக் கிளை